ஒரே சட்டை, மூன்று நீலம்

கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று தன் இணையதளத்தில் பணியாளர் படங்களைப் போட விரும்பியது. மொத்தம் 96 பேர். கோவைத் தொழிற்சாலையில் பாதிப்பேர், மீதிப்பேர் சென்னை, மதுரை கிளைகளில். எல்லோருக்கும் காலர் வைத்த கருநீல டி-ஷர்ட் கொடுத்தார்கள். மூன்று ஊரிலும் அந்தந்த ஊர் போட்டோகிராபரை வைத்துப் படம் எடுத்தார்கள். படங்களை ஒரே பக்கத்தில் வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. கோவைக்காரர்கள் கருநீலத்தில் இருந்தார்கள். சென்னைக்காரர்களின் சட்டை வெளுத்துப் பச்சையடித்தது. மதுரைக்காரர்களின் சட்டையோ கத்திரிப்பூ நிறத்துக்குப் போயிருந்தது. பின்னால் இருந்த சுவரும் ஊருக்கு ஒன்று.

“முகத்தை ஒன்றும் செய்ய வேண்டாம், சட்டையை மட்டும் ஒரே நீலமாக்கி, பின்னணியை மாற்றிக் கொடுங்கள்” என்றுதான் இப்படிப்பட்ட வேலை எங்களிடம் வரும். நானும் படத்திருத்த வேலையில் இருப்பவன். கேட்பது நியாயமான கேட்பு. ஆனால் வேலையைச் சட்டையில் தொடங்கினால் 96 படங்களும் கெடும். சட்டைக்குக் கடைசியில்தான் வர வேண்டும். ஏன் என்பதை இந்த 96 பேரை வைத்தே சொல்லிவிடலாம்.

துணியின் நிறத்தை கேமரா பதிவுசெய்வதில்லை. துணியில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைத்தான் பதிவுசெய்கிறது. சென்னை அலுவலகத்தில் தலைக்கு மேலே டியூப் லைட் மட்டும்தான். அதில் பச்சை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நம் கண் அதைப் பழகிக் கழித்துவிடும், கேமரா கழிக்காது. மதுரையில் சாயங்கால நேரம், ஜன்னலோரம். சூரியன் சாயச் சாய வெளிச்சம் குறைந்துகொண்டே போகிறது, அதன் நிறமும் மாறிக்கொண்டே போகிறது. கோவையில் மட்டும்தான் ஸ்டூடியோ பிளாஷ் வைத்து எடுத்திருந்தார்கள். ஆக, இந்த மூன்று நீலங்களும் மூன்று வெளிச்சங்களின் வேலை.

கண்ணால் ‘கொஞ்சம் பச்சை’, ‘கொஞ்சம் ஊதா’ என்று சொன்னால் 96 படங்களைச் சமன்செய்ய முடியாது. எண் வேண்டும். போட்டோஷாப்பில் Info என்ற சின்னப் பெட்டியில் Lab என்ற அளவைத் தேர்ந்தெடுத்தால், நிறத்தை மூன்று எண்களாகச் சொல்லும். L என்பது வெளிச்சம்: கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. a என்பது ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் செம்மை: கழித்தல் எண் பச்சை, கூட்டல் எண் செம்மை. b என்பது நீலமும் மஞ்சளும்: கழித்தல் எண் நீலம், கூட்டல் எண் மஞ்சள். சட்டையில் மடிப்போ நிழலோ லோகோவோ இல்லாத ஒரு துண்டை நெஞ்சுப் பகுதியில் தேர்ந்தெடுத்து, Filter > Blur > Average கொடுத்தால் அந்தத் துண்டு முழுதும் ஒரே சராசரி நிறமாகிவிடும். அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, செய்ததை Undo செய்துவிடலாம். நூலிழையின் நெளிவும் பட இரைச்சலும் எண்ணை ஆட்டாமல் இருக்க இதுதான் நம்பகமான வழி.

கோவைச் சட்டை L 20, a 5, b −24 என்று வந்தது. பிளாஷ் வெளிச்சம் மாறாதது, எடுத்தவர் அளவுகளையும் மாற்றவில்லை. எனவே இதையே குறியாக வைத்துக்கொண்டோம். சென்னைச் சட்டை L 27, a −2, b −17. மதுரைச் சட்டை L 14, a 11, b −27. இரண்டு நிறங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று பார்க்க எளிய சூத்திரம் ஒன்று உண்டு:

```
ΔE = √((ΔL)² + (Δa)² + (Δb)²)
```

கோவைக்கும் சென்னைக்கும் மூன்று எண்ணிலும் வித்தியாசம் 7 என்பதால் தூரம் 12-ஐத் தொடுகிறது. கோவைக்கும் மதுரைக்கும் 6, 6, 3; தூரம் 9. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியத் தொடங்குவது ஏறக்குறைய 2.3-இல். அதனால்தான் அந்தப் பக்கத்தைத் திறந்ததும் எல்லோருக்கும் உறுத்தியது.

வெளிச்சத்தைத் திருத்தினால் சட்டை தானே திரும்பும்

சட்டையை மட்டும் திருத்தக் கூடாது என்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. சென்னைச் சட்டை பச்சையடித்தது என்றால், அதே டியூப் லைட்டின் கீழ் நின்ற முகமும் பச்சையடித்துத்தான் இருக்கும். சட்டையில் அது பளிச்சென்று தெரிகிறது, முகத்தில் ‘கொஞ்சம் சோர்வாக இருக்கிறார்’ என்று படுகிறது. சட்டையை மட்டும் சரியான நீலமாக்கிவிட்டால் சோர்ந்த முகம் அப்படியே நிற்கும், காரணம் காட்டிக்கொண்டிருந்த சட்டையும் போய்விடும். 96 பேருக்கும் ஒரே துணி என்பது இந்த வேலையில் கிடைக்கும் பெரிய வசதி. ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதற்கு அந்தத் துணி ஓர் அளவுகோல்.

வெளிச்சத்தைத் திருத்தப் பயன்படுவது சாம்பல் அட்டை. எந்த நிறத்தின் பக்கமும் சாயாத நடுச்சாம்பல் நிறத்தில், உள்ளங்கை அளவிலிருந்து புத்தக அளவு வரை கிடைக்கும். உட்கார்ந்திருப்பவர் அதை முகத்துக்குப் பக்கத்தில், கேமராவைப் பார்த்தபடி பிடித்துக்கொள்ள ஒரு படம் எடுக்க வேண்டும். வெளிச்சம் மாறும்போதெல்லாம் மறுபடியும் ஒன்று. பிறகு லைட்ரூமில் வெள்ளைச் சமநிலைத் துளிப்பானை அந்த அட்டையில் வைத்து ஒரு சொடுக்கு. அட்டை சாம்பலாகும்படி முழுப் படத்தின் நிறமும் நகரும். அதே நகர்வை Sync மூலம் அந்த வெளிச்சத்தில் எடுத்த எல்லாப் படங்களுக்கும் கொடுத்துவிடலாம்.

மதுரைப் போட்டோகிராபர் நல்ல பழக்கமுள்ளவர். நாலைந்து பேருக்கு ஒருமுறை அட்டையைப் பிடிக்கச் சொல்லியிருந்தார். எனவே மதுரைப் படங்களை எடுத்த நேரத்தை வைத்துச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் அதனதன் அட்டையைக் கொண்டு திருத்தினோம். மொத்தமாக ஒரே திருத்தம் கொடுத்திருந்தால் முதலில் எடுத்தவர்கள் மஞ்சளாகவும் கடைசியில் எடுத்தவர்கள் நீலமாகவும் போயிருப்பார்கள்.

சென்னையில் அட்டையே இல்லை. ஆனால் படங்கள் ரா கோப்புகளாக இருந்தன. கேமராவின் உணரி பிடித்ததைச் சமைக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு அது. கேமரா தானாகத் தேர்ந்தெடுத்த வெள்ளைச் சமநிலை படத்துக்குப் படம் மாறியிருந்தாலும், ரா கோப்பில் அது ஒரு குறிப்பு மட்டுமே. குறிப்பை அழித்து எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பைக் கொடுத்துவிடலாம். அந்த மதிப்பு என்ன என்பதுதான் கேள்வி. சென்னைக் கிளையிலேயே ஒருவரை அதே இடத்தில், அதே விளக்குகளின் கீழ், ஜன்னல் திரையை மூடி, அட்டையோடு நிற்கவைத்து அதே கேமராவில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். விளக்குகள் மாறவில்லை என்பதால் அந்த ஒரு படம் போதுமானதாக இருந்தது.

அதற்கும் வழியில்லை என்றால் சிலர் சட்டையில் வெள்ளை நூலில் பின்னிய லோகோவையோ அடையாள அட்டையின் வெள்ளைக் காகிதத்தையோ துளிப்பானால் தொடுவார்கள். நான் அதைத் தவிர்க்கிறேன். வெள்ளை நூலிலும் காகிதத்திலும் வெண்மைகூட்டும் வேதிப்பொருள் சேர்த்திருப்பார்கள். அது புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பிவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் அது ஒரு மாதிரி, எல்.இ.டி. வெளிச்சத்தில் வேறு மாதிரி. நடுநிலை என்று நாம் நம்பியது நீலமாக இருந்தால், திருத்தம் முகத்தை மஞ்சளாக்கிவிடும்.

சாம்பல் அட்டையால் ஆகாத இடமும் உண்டு. ஒரு கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம், மறு கன்னத்தில் டியூப் லைட் என்று கலந்து விழுந்திருந்தால் எந்த ஒற்றைத் திருத்தமும் இரண்டையும் சரிசெய்யாது. சட்டையின் இடது தோளையும் வலது தோளையும் தனித்தனியாக அளந்தால் இது உடனே தெரிந்துவிடும். அப்படி இருந்த இரண்டொரு படங்களைத் திரும்ப எடுக்கச் சொல்லிவிட்டோம். கைபேசியில் எடுத்த சாதாரண ஜெபெக் படமும் இப்படித்தான். கைபேசி முகத்தைத் தனியாகவும் சுவரைத் தனியாகவும் பிரகாசமாக்கிய பிறகே படத்தைச் சேமிக்கிறது. வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் இருந்த கணக்கு அதிலேயே குலைந்துவிடும்.

திருத்தத்துக்குப் பிறகு எண்களைப் பார்த்தோம். சென்னைச் சட்டை L 21, a 4, b −22. கோவையிலிருந்து தூரம் 12-இலிருந்து 2.4-க்கு வந்துவிட்டது. சட்டையை யாரும் தொடவேயில்லை. மதுரை L 18, a 8, b −25, தூரம் 3.7. மதுரையில் மட்டும் ஏன் இன்னும் கொஞ்சம் நிற்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இதற்கு முன் முகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் எனக்கு மிகவும் மனது கேட்காத தவறு நடப்பது இங்கேதான். 96 படங்களைச் சீராக்குவதற்காகப் பலர் Auto பொத்தானை எல்லாப் படத்துக்கும் அழுத்திவிடுவார்கள். அது ஒவ்வொரு படத்தையும் தனியாகப் பார்த்து, மொத்தமாக இருட்டாக இருப்பதை வெளுப்பாக்கும். கறுத்த முகமும் கருநீலச் சட்டையும் சேர்ந்த படம் அதன் கணக்கில் இருட்டான படம். எனவே கறுப்பானவர்கள் எல்லோரும் ஒரு படி வெளுத்து வருவார்கள். நிறுவனமும் ‘பளிச்சென்று இருக்கிறதே’ என்று ஏற்றுக்கொள்ளும். பிலிம் காலத்திலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. படம் கழுவும் நிலையங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய மாதிரிப் படங்களில் பல பத்தாண்டுகள் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண்தான். ‘ஷெர்லி அட்டை’ என்றே அதற்குப் பெயர். அந்த ஒரு தோலுக்குச் சரியாக வந்தால் எல்லோருக்கும் சரி என்று எடுத்துக்கொண்டார்கள்.

இன்று நம்மிடம் அதைவிட நேர்மையான அளவு இருக்கிறது: அதே சட்டை. ஒருவரின் முகத்தை Auto வெளுப்பாக்கியிருந்தால் அவர் சட்டையின் L எண் 20-இலிருந்து 25, 26 என்று ஏறியிருக்கும். சட்டை 20-இல் நிற்கிறது என்றால் முகமும் அந்த வெளிச்சத்தில் எப்படி இருந்ததோ அப்படியே நிற்கிறது என்று பொருள். முகங்களை ஒன்றோடொன்று சமன்செய்யக் கூடாது. சட்டைகளைச் சமன்செய்தால் முகங்கள் தத்தம் நிறத்தில் தாமே நிற்கும்.

பின்னணி: மல்லிகையும் ஜிமிக்கியும்

அடுத்தது பின்னணி. சட்டையைக் கடைசியாகத் திருத்துவதற்கு முன்பே பின்னணியை மாற்றிவிட வேண்டும். பக்கத்தில் இருக்கும் நிறம் கண்ணை ஏமாற்றும் என்பதுதான் காரணம். இது பழைய கண்டுபிடிப்பு. பாரிஸில் கோபெலான் திரைச்சீலை ஆலையின் சாயப் பட்டறைக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரூலிடம், கறுப்புச் சாயம் சரியாக ஏறவில்லை என்று புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தபோது சாயத்தில் குறையில்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நெய்திருந்த நிறங்களால்தான் அது வெளிறித் தெரிந்தது. இதையே விரித்து 1839-இல் பெரிய நூலாக எழுதினார். இளமஞ்சள் சுவருக்கு முன்னால் நிற்கும் நீலமும், நீலச்சாம்பல் சுவருக்கு முன்னால் நிற்கும் அதே நீலமும் நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியாது. பின்னணி ஊருக்கு ஒன்றாக இருக்கும்போது சட்டையைக் கண்ணால் மதிப்பிடுவது வீண்.

எந்தப் பின்னணி? பலரும் தூய வெள்ளை கேட்பார்கள். நான் மெல்லிய சாம்பலைத்தான் சொல்வேன். RGB அளவில் 214, 216, 219 போல. வெள்ளைப் பக்கத்தில் வெள்ளைப் பின்னணி வைத்தால் படத்தின் ஓரமே தெரியாது. முடியோரத்தில் வெட்டிய தடமும் வெள்ளையில்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். இன்னொரு காரணம் நம் ஊருக்கே உரியது: தலையில் வைத்த மல்லிகைப்பூ. வெள்ளைச் சுவருக்கு முன்னால் எடுத்த படத்தில் ஆளைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதி பூவைச் சுவர் என்று நினைத்து வெட்டிவிடும். கோவைப் படங்களிலேயே அப்படி மூன்று பேரின் சரத்தில் பாதி காணாமல் போனது. பார்ப்பவருக்கு என்ன குறை என்று சட்டெனத் தெரியாது, தலை மட்டும் ஒரு பக்கம் கடித்ததுபோல இருக்கும்.

தானியங்கித் தேர்வு எங்கே தவறும் என்று தெரிந்திருந்தால் 96 படங்களையும் அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டியதில்லை. ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் இடையில் உள்ள சின்ன இடைவெளியில் பழைய சுவர் ஒட்டிக்கொண்டிருக்கும். மூக்குக் கண்ணாடியின் ஓரத்தில், முகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்குள் பழைய பின்னணி தெரியும். சுருட்டை முடியின் வெளி இழைகள் மொத்தமாகப் போய், தலை வெட்டிய அட்டைபோல் ஆகிவிடும். தோளில் மெல்லிய துப்பட்டா இருந்தால் அதன் வழியே தெரியும் சுவரின் நிறம் அப்படியே தங்கும். பூ, காது, கண்ணாடி, முடி, துப்பட்டா என்று இந்த ஐந்து இடங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பாலான குறைகள் அகப்பட்டுவிடும். முகத்தில் பருக்களை மொத்தமாக நீக்கும் வசதியைப் போட்டிருந்தால் விபூதிக் கீற்றும் சேர்ந்து போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

முடியோரத்தில் பழைய சுவரின் நிறம் ஒரு கோடாகத் தங்குவதும் உண்டு. சென்னை அலுவலகச் சுவர் வெளிர்பச்சை. புதுச் சாம்பல் பின்னணியில் தலையைச் சுற்றிப் பச்சை ஒளிவட்டம் தெரிந்தது. போட்டோஷாப்பில் Select and Mask சாளரத்தில் Decontaminate Colors என்ற வசதி, ஓரப் புள்ளிகளின் நிறத்தை உள்ளே இருக்கும் முடியின் நிறத்துக்கு இழுத்துவிடும். அளவாகப் போட வேண்டும். முழுதாக ஏற்றினால் முடியின் நுனி தடித்து, மை தீட்டியதுபோல் ஆகிவிடும். சுவருக்கு மிக அருகில் நின்றவர்களின் தோளிலும் தாடையின் கீழும் பச்சை வழிந்திருக்கும். அது ஓரத்தில் நிற்காமல் தோலுக்குள்ளேயே இருப்பதால் அந்த இடத்தில் மட்டும் பச்சையின் அடர்த்தியைக் குறைக்க வேண்டும். சுவரிலிருந்து ஆறடி தள்ளி நிற்கவைத்திருந்தால் இந்த வேலையே இருந்திருக்காது.

கடைசி மூன்று புள்ளி

இப்போது சட்டைக்கு வரலாம். மதுரையில் மிச்சமிருந்த 3.7 எங்கிருந்து வந்தது? விசாரித்தபோது, முதல் தவணைச் சட்டைகள் போதாமல் மதுரைக்கு மட்டும் பிறகு ஆர்டர் கொடுத்து வாங்கியது தெரிந்தது. துணி ஒன்றுதான், ஆனால் வேறு லாட்டில் சாயம் ஏறியது. திருப்பூரில் ஷேடு பார்ப்பவர்கள் இதற்காகவே ஒளிப்பெட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டு துணித் துண்டுகளை அருகருகே வைத்து, பகல் வெளிச்சத்துக்கான D65 விளக்கிலும் கடை வெளிச்சத்துக்கான TL84 விளக்கிலும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிந்து இன்னொன்றில் பிரிந்துவிடும் துணிகள் உண்டு. சாயக் கலவை வேறாக இருப்பதுதான் காரணம். கேமராவின் உணரியும் அப்படி ஒரு தனிக் கண். 2006-இல் வந்த லைக்கா எம்8 கேமராவில் கறுப்புச் செயற்கை இழைத் துணிகள் கத்திரிப்பூ நிறத்தில் விழுந்தன. அந்தத் துணிகள் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பின. உணரிக்கு முன்னால் இருந்த மெல்லிய வடிகட்டி அதைத் தடுக்கவில்லை. லைக்கா தனி வடிகட்டிகளைக் கொடுத்துச் சமாளித்தது. ஆக, கையில் வைத்துப் பார்த்தால் ஒரே நிறமான இரண்டு சட்டைகள் படத்தில் பிரிவது துணியாலும் வரலாம், கேமராவாலும் வரலாம்.

மிச்சத்தை இனி சட்டையிலேயே திருத்தலாம், ஏனென்றால் இது சட்டையின் குறை. முகத்தோடு சம்பந்தமில்லை. நிற வரம்பை வைத்து ‘கருநீலத்தை மட்டும் தேர்ந்தெடு’ என்று சொல்வது பலரும் செய்வது. கறுத்த முடியின் நிழலும் கண்ணின் கருமணியும் அதில் சேர்ந்துவிடும் என்பதால் அது உதவாது. லைட்ரூமில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் Select People வசதியில் உடைக்கான Clothes என்ற தேர்வு 2023-இல் சேர்ந்தது. ஒரு படத்தில் அதைக் கொண்டு திருத்தி மற்றப் படங்களுக்கு ஒட்டினால், ஒவ்வொரு படத்திலும் உடை எங்கே என்று அது புதிதாகக் கண்டுபிடித்துக்கொள்கிறது. இதனால்தான் மொத்தமாகச் செய்வது இன்று சாத்தியமாகியிருக்கிறது. ஆனால் உடை என்றால் அதற்கு எல்லாமே உடைதான். அடையாள அட்டையின் நாடா, துப்பட்டா, தலையில் போட்ட முக்காடு எல்லாம் சேர்ந்து வரும். அவற்றைக் கழித்துவிட்டுத்தான் திருத்த வேண்டும்.

மதுரைச் சட்டைக்குத் தேவைப்பட்டது L-இல் 2 ஏற்றம், a-இல் 3 இறக்கம். உடைத் தேர்வுக்குள் வெளிச்சத்தைச் சற்றே தூக்கி, செம்மையைப் பச்சைப் பக்கமாகச் சற்றே தள்ளினால் முடிந்தது. இவ்வளவு சின்னத் திருத்தத்தில் மடிப்பும் நிழலும் அப்படியே இருக்கும். சட்டை மேல் ஒரே நீலத்தைப் பூசி Color கலப்பு முறையில் வைப்பது இன்னொரு வழி. அதில் நிறம் மாறும், வெளிச்சம் மாறாது. எனவே வெளுத்த சட்டை வெளுத்த நீலமாகவே இருக்கும். பித்தானும் வெள்ளை லோகோவும்கூட நீலம் வாங்கிக்கொள்ளும். ஒரே எண் வரும்வரை 96 சட்டைகளையும் தேய்ப்பதும் தேவையில்லை. தூரம் 2-க்குக் கீழே வந்ததும் நான் நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் போனால் சட்டைகள் அச்சில் வார்த்ததுபோல் ஆகி, படமே போலியாகத் தெரியத் தொடங்கும்.

சட்டையே வேறு நிறம் என்றால்? படம் எடுத்தது கார்த்திகை மாதம். மதுரைக் கிளையில் ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். தாடி, கழுத்தில் துளசி மாலை, கறுப்புச் சட்டை. தொழில்நுட்பப்படி பார்த்தால் கறுப்பை நீலமாக்குவது சிரமம்: கறுப்பில் மடிப்புகளின் விவரம் பெரும்பாலும் இருட்டுக்குள் போயிருக்கும், நீலமாகத் தூக்கினால் புள்ளி புள்ளியாக இரைச்சல்தான் மேலே வரும். முயன்றால் ஓரளவு செய்யலாம்தான். ஆனால் விரதத்துக்காக ஒருவர் உடுத்தியதை அவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது என்று நிறுவனத்திடம் சொன்னோம். மனிதவளப் பிரிவில் இருந்த அம்மா அவரையே கூப்பிட்டார். “சாமி, சட்டையை மட்டும் படத்துல நீலமா மாத்திக்கலாமா?” என்று கேட்டார். “வேண்டாம் மேடம். மலைக்குப் போயிட்டு வந்து, தை மாசம் கம்பெனி சட்டையைப் போட்டுக்கிட்டே நிக்கிறேன்” என்றார் அவர். அதுவரை பக்கத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்ப்பதால் நிற வித்தியாசம் தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்க வேண்டும். அதிலும் முகங்கள் கண்ணை இழுத்துவிடும் என்பதால் நான் சட்டைத் துண்டுகளை மட்டும் வெட்டி ஒட்டிப் பார்ப்பேன். இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளில் அதற்கு இரண்டு வரி போதும். படங்கள் எல்லாம் 800-க்கு 1000 புள்ளி அளவில், கண்கள் ஒரே உயரத்தில் வருமாறு ஏற்கெனவே வெட்டியிருக்க வேண்டும். chest என்ற கோப்புறையையும் முதலில் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

```
magick mogrify -path chest -crop 120x80+230+850 +repage *.jpg
magick montage chest/*.jpg -tile 8x -geometry +0+0 sheet.png
```

முதல் வரி ஒவ்வொருவரின் நெஞ்சுப் பகுதியிலிருந்து சின்னத் துண்டை வெட்டுகிறது. இரண்டாவது வரி அவற்றை இடைவெளியில்லாமல் வரிசைக்கு எட்டாக ஒட்டுகிறது. 96 பேருக்கு 12 வரிசை கொண்ட ஒரு நீலப் பலகை கிடைக்கும். தப்பிய துண்டு எதுவோ அது தனியாகக் கண்ணில் குத்தும். துண்டுகள் கோப்புப் பெயர் வரிசையில் வருவதால் யாருடையது என்று எண்ணிக் கண்டுபிடித்துவிடலாம். எங்கள் பலகையில் ஐந்து துண்டுகள் வெளிறியிருந்தன. ஐந்தும் சென்னைப் படங்கள். வெளிச்சத்தில் குறையில்லை, அந்தப் படங்கள் மட்டும் அடோபி ஆர்ஜிபி என்ற பரந்த நிற வெளியில் சேமிக்கப்பட்டு, அந்தக் குறிப்பும் வழியில் நீக்கப்பட்டிருந்தது. குறிப்பில்லாத படத்தை உலாவிகள் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும், நிறம் மங்கும். மூலக் கோப்பிலிருந்து எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிச் சேமித்ததும் ஐந்தும் வரிசைக்குள் வந்துவிட்டன. சட்டையில் தேடிக்கொண்டிருந்தால் அரைநாள் போயிருக்கும்.

பலகையைப் பார்க்கும் திரையில் இரவு நேர மஞ்சளாக்கமும், அறை வெளிச்சத்துக்கேற்ப நிறம் மாற்றும் வசதியும் அணைந்திருக்க வேண்டும். நிறுவன மேலாளர் தன் கைபேசியில் பார்த்துவிட்டு ‘இன்னும் ஊதாவாக இருக்கிறதே’ என்றால், 96-உம் சேர்ந்து ஊதாவாக இருக்கிறதா, சிலது மட்டுமா என்று கேட்க வேண்டும். எல்லாமே என்றால் அது அவர் திரை.

இந்த வேலை ஒருமுறையோடு முடிவதில்லை. மாதம் ஒருவர் சேர்வார், ஒருவர் போவார். புதிதாக வருபவரின் ஒற்றைப் படம் பழைய 96-உடன் ஒட்ட வேண்டும் என்பதற்காக மூன்று கிளைக்கும் ஒரு சாம்பல் அட்டையும், ஆள் நிற்கவும் கேமரா வைக்கவும் தரையில் ஒட்டிய டேப்பும், விளக்கின் உயரமும் கேமரா அளவுகளும் எழுதிய ஒரு தாளும் கொடுத்தோம். அதோடு முதல் லாட் சட்டையிலிருந்து வெட்டிய ஒரு கைக்குட்டை அளவுத் துணி. புதியவர் படம் எடுக்கும்போது அட்டையையும் அந்தத் துணியையும் சேர்த்துப் பிடித்து ஒரு படம் எடுத்துவிட வேண்டும். துணியின் எண் 20, 5, −24-க்கு அருகில் வந்து, அவர் போட்டிருக்கும் சட்டையின் எண் விலகியிருந்தால் புதுச் சட்டையின் சாயம் வேறு. இரண்டுமே விலகியிருந்தால் விளக்கை யாரோ மாற்றிவிட்டார்கள். அந்தத் துணியை வெயில் படாமல் உறைக்குள் வைத்திருக்க வேண்டும், துவைக்கக் கூடாது.

அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் சட்டை கொடுப்பவரையே மாற்றப்போகிறது என்று கேள்வி. புது நீலம் பழையதிலிருந்து 5, 6 புள்ளி தள்ளி வந்தால், உடைத் தேர்வை வைத்துப் புதியவர்களைப் பழைய நீலத்துக்கு இழுப்பது சுலபம்தான். ஆனால் வாசலில் நிற்கும் ஆளின் சட்டை ஒரு நீலம், இணையதளத்தில் இன்னொரு நீலம் என்றாகிவிடும். அப்போது புதுத் துணியைக் குறியாக வைத்து 96 பேரையும் திரும்ப எடுப்பதுதான் சரி என்று இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறேன். தரையில் டேப் இருக்கிறது, தாள் இருக்கிறது. ஒரு ஊருக்கு ஒரு நாள் வேலைதான்.